இரவில் வட்ஸ்அப் குழு மட்டும் பேசாமல் இருக்க: போனில் எதை, எங்கே அமத்துவது

உப்புவெளியில் இருக்கும் என் பெரியம்மா விடிய நாலு மணிக்கு எழும்பி இடியப்பம் அவிப்பவர். ஆறு மணிக்குள் கடைக்குக் கொடுத்துவிட வேண்டும். அவருடைய மகன், எனக்கு அண்ணா, இரவில் வள்ளத்தில் தொழிலுக்குப் போகிறவர். மகள் ரொறன்ரோவில். சொந்தக்காரர் எல்லாரையும் சேர்த்து ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. அந்தக் குழு இரவில்தான் விழித்திருக்கும். அதற்குக் காரணம் நேரம்தான். கோடை காலத்தில் ரொறன்ரோ எங்களை விட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால் இருக்கிறது, குளிர்காலத்தில் பத்தரை. திருகோணமலையில் இரவு பன்னிரண்டு மணி என்றால் அங்கே பகல் இரண்டரை அல்லது ஒன்றரை. லண்டனில் மாலை ஏழரை அல்லது ஆறரை. அவர்கள் வேலை முடிந்து பிள்ளைகளின் படங்களைப் போடும் நேரம் எங்களுக்கு நடுச்சாமம்.

பெரியம்மா இதற்குக் கண்ட வழி, படுக்கும்போது போனை முழுதாகச் சைலண்டில் போடுவது. ஒரு நாள் இரவு அண்ணாவின் வள்ளத்தில் எஞ்சின் நின்றுவிட்டது. கரைக்குக் கிட்டத்தில்தான், சிக்னல் இருந்தது. நாலு தரம் அம்மாவுக்கு எடுத்தார், அம்மாவுக்குக் கேட்கவில்லை. பக்கத்து வள்ளக்காரர் கட்டி இழுத்து வந்தபடியால் எல்லாம் நல்லபடி முடிந்தது. அடுத்த நாள் நான் போய் அந்தப் போனோடு ஒரு மணித்தியாலம் இருந்தேன். அன்று செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். குழு பேசக்கூடாது, மகனுடைய கோல் மட்டும் அடிக்க வேண்டும், நாலு மணி அலாரமும் அடிக்க வேண்டும். இதுதான் தேவை. இதைச் சைலண்டால் செய்ய முடியாது. சைலண்ட் ஆள் பார்த்து அமத்துவதில்லை, எல்லாரையும் சேர்த்து அமத்தும்.

முதலில், சத்தம் போடுவது யார்?

செட்டிங்ஸைத் திறந்து தேடத் தொடங்குவதுதான் பலருடைய முதல் பிழை. ஒவ்வொரு கம்பனியும் ஒவ்வொரு பெயர் வைத்திருக்கிறது. ஒரு போனில் Notifications என்று இருப்பது இன்னொன்றில் Notifications & status bar என்று இருக்கும். தமிழில் வைத்திருந்தால் ‘அறிவிப்புகள்’ என்று இருக்கும். யாரோ பாவித்த போன் என்றால் முழுதும் சிங்களத்திலோ வேறு மொழியிலோ கூட இருக்கலாம். எனவே பெயரைத் தேடாமல், சத்தம் போட்ட அறிவிப்பில் இருந்தே தொடங்குங்கள்.

திரையின் மேல் விளிம்பில் இருந்து விரலைக் கீழே இழுங்கள். வந்திருக்கும் அறிவிப்புகள் வரிசையாகத் தெரியும். தட்ட வேண்டாம், தட்டினால் அந்தச் செயலி திறந்துவிடும். தொல்லை தரும் அறிவிப்பின் மேல் விரலை வைத்து, எடுக்காமல் இரண்டு செக்கன் அழுத்திக்கொண்டிருங்கள். அந்தப் பெட்டி விரிந்து, எந்தச் செயலி என்ற பெயரும், Silent அல்லது Turn off போன்ற சொற்களும், ஒரு பற்சக்கரப் படமும் வரும். சில போன்களில் இவற்றில் ஒன்றிரண்டு மட்டும் வரும். பற்சக்கரத்தைத் தட்டினால் அந்த ஒரு செயலியின் அறிவிப்புப் பக்கத்துக்கே நேராகப் போய்விடலாம். எந்த மொழியில் இருந்தாலும் பற்சக்கரம் பற்சக்கரம்தான்.

இரவில் அடித்தது எது என்று விடிய நினைவில்லையா? அரைத்தூக்கத்தில் விரலால் தள்ளிவிட்டிருப்பீர்கள். அதற்கு Notification history என்று ஒன்று இருக்கிறது. ஆண்ட்ராய்டு 11 தொடக்கம் வந்தது இது. Settings திறந்து Notifications உள்ளே பாருங்கள், சாம்சங் என்றால் அதற்குள் Advanced settings என்பதன் கீழே இருக்கும். முதல் தரம் போகும்போது அது அணைந்திருக்கும், ஒருக்கால் போட்டுவிட வேண்டும். போட்ட பிறகு வந்தவைதான் அதில் தெரியும், கடந்த ஒரு நாளுக்குள் வந்தவை மட்டும். எனவே இன்றிரவு போட்டு, நாளை விடிய பாருங்கள். எந்தச் செயலி, எத்தனை மணிக்கு என்று வரிசையாக இருக்கும்.

பெரியம்மாவின் போனில் இதைப் பார்த்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. இரவு பதினொன்றரைக்கும் ஒன்றேகாலுக்கும் அடித்தது குடும்பக் குழு இல்லை. பேரன் விளையாட இறக்கிய ஒரு கேம், ‘திரும்ப வா’ என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தது. அவர் ஒரு மாதமாக ரொறன்ரோ மகளைக் குறை சொல்லிக்கொண்டிருந்தார். ஆளைச் சரியாகக் கண்டுபிடித்த பிறகே எதையும் அமத்துங்கள்.

ஒரு செயலியை முழுதாக அமத்துவது

அந்த கேமைப் போன்றவைக்கு இரவு பகல் என்று பார்க்கத் தேவையில்லை. அழுத்திப் பிடித்து, பற்சக்கரம் தட்டி, மேலே இருக்கும் பெரிய பொத்தானை அணைத்தால் முடிந்தது. அந்த நேரம் அறிவிப்பு ஒன்றும் இல்லையென்றால் வேறு வழி: முகப்புத் திரையில் செயலியின் படத்தை அழுத்திப் பிடியுங்கள், ஒரு i எழுத்து வட்டத்துக்குள் வரும், அல்லது App info என்று வரும். அதைத் தட்டி, Notifications என்பதற்குள் போங்கள். செயலி அழியாது, கணக்கும் அப்படியே இருக்கும், சத்தம் மட்டும் நிற்கும்.

முழுதாக அணைக்கக்கூடாத செயலிகளும் இருக்கின்றன. ஒரு செயலி பலவிதமான அறிவிப்புகளை அனுப்பும். பொருள் வாங்கும் செயலியில் ‘உங்கள் பொதி வந்துவிட்டது’ என்பதும் ‘இன்று கழிவு விலை’ என்பதும் வேறு வேறு. 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 தொடக்கம் இவற்றைத் தனித்தனியாக அணைக்கலாம். செயலியின் அறிவிப்புப் பக்கத்தில் பெரிய பொத்தானுக்குக் கீழே ஒரு வரிசை இருக்கும்: Promotions, Offers, Orders என்று. விளம்பரத்தை மட்டும் அணைத்துவிட்டு மற்றதை விடலாம். புதிய சாம்சங் போன்களில் இந்த வரிசை காணாமல் போயிருக்கும், பலர் அதில் நின்றுவிடுகிறார்கள். Settings, Notifications, Advanced settings என்று போய் Manage notification categories for each app என்பதைப் போட்டுவிட்டால் வரிசை திரும்ப வரும்.

மெசேஜ் செயலியை மட்டும் ஒரு நாளும் முழுதாக அணைக்காதீர்கள், அதாவது எஸ்எம்எஸ் வரும் செயலியை. விளம்பர எஸ்எம்எஸ் ஆத்திரம் தரும்தான். ஆனால் வங்கியின் ரகசிய இலக்கமும் அதன் வழியாகத்தான் வருகிறது. அந்த எண்களை மட்டும் தனியாகப் பிளொக் பண்ணுங்கள்.

இரவுக்கு மட்டும்: தொந்தரவு செய்ய வேண்டாம்

இனிப் பெரியம்மாவின் உண்மையான தேவைக்கு வருவோம். இதற்குரிய இடத்தின் ஆங்கிலப் பெயர் Do Not Disturb, தமிழில் ‘தொந்தரவு செய்ய வேண்டாம்’. இது இருக்கும் இடம்தான் போனுக்குப் போன் மாறும். சாம்சங்கில் Notifications உள்ளே, சிலவற்றில் Sound & vibration உள்ளே, மிகப் புதிய கூகுள் போன்களில் Modes என்ற பெயருக்குள். வீடு வீடாகத் தேட வேண்டாம். இரண்டு குறுக்குவழி இருக்கிறது. ஒன்று, Settings திறந்தவுடன் மேலே இருக்கும் தேடல் பெட்டியில் disturb என்று எழுதுங்கள். மற்றது, மேலிருந்து விரலை இரண்டு தரம் இழுத்தால் வைஃபை, டோர்ச் எல்லாம் இருக்கும் கட்டங்கள் வரும். அதில் வட்டத்துக்குள் ஒரு சிறு கோடு, அல்லது பிறை நிலா போட்ட கட்டத்தை அழுத்திப் பிடியுங்கள். தட்டினால் உடனே இயங்கத் தொடங்கிவிடும், அழுத்திப் பிடித்தால் அதன் செட்டிங்ஸ் திறக்கும்.

உள்ளே செய்ய வேண்டியது மூன்று. வரிசை முக்கியம் என்பது என் கருத்து. யாரை உள்ளே விடுவது என்று முதலில் முடிவு செய்துவிட்டு, பிறகு நேரம் போடுங்கள். பலர் நேரத்தைப் போட்டவுடன் வெளியே வந்துவிடுகிறார்கள். அப்புறம் அதுவும் சைலண்ட் மாதிரியே ஆகிவிடுகிறது.

ஆட்கள்: இதற்கு முன் போன்புத்தகத்தில் மகனுடைய பெயரைத் திறந்து, மேலே இருக்கும் நட்சத்திரத்தைத் தட்டி வையுங்கள். பெரியம்மாவின் போனில் அண்ணாவின் பெயர் சிம் அட்டையில் சேமித்திருந்தது, அதற்கு நட்சத்திரமே வரவில்லை. போனிலோ கூகுள் கணக்கிலோ திரும்பச் சேமித்த பிறகுதான் வந்தது. அண்ணாவிடம் இரண்டு சிம், இரண்டு எண்ணையும் ஒரே பெயருக்குள் போட்டோம். அவரோடு போகிற வள்ளக்காரரின் எண்ணுக்கும் நட்சத்திரம் போட்டோம், ஏனென்றால் அண்ணாவின் போன் நனைந்தால் அவருடைய போனில் இருந்துதான் கோல் வரும். பிறகு Do Not Disturb பக்கத்தில் People அல்லது Calls என்பதைத் திறந்து, Starred contacts அல்லது Favourite contacts only என்பதைத் தெரியுங்கள். அதே பக்கத்தில் Repeat callers என்ற ஒன்று இருக்கும். அதையும் போடுங்கள். பட்டியலில் இல்லாத ஒருவர் ஒருக்கால் எடுத்து, பதினைந்து நிமிடத்துக்குள் திரும்ப எடுத்தால் இரண்டாவது கோல் அடிக்கும். ஆஸ்பத்திரியில் இருந்தோ தெரியாத எண்ணில் இருந்தோ அவசரமாக எடுப்பவர் பெரும்பாலும் இரண்டாந்தரமும் எடுப்பார், அதை நம்பித்தான் இந்த ஏற்பாடு. வீட்டாரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவையுங்கள்: இரவில் அவசரம் என்றால் உடனே இரண்டாம் தரம் எடுக்கச் சொல்லி.

அலாரம்: Alarms என்ற பொத்தான் போட்டிருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். வழமையாகப் போட்டுத்தான் இருக்கும். ஆனால் இடியப்பம் அதில் தங்கியிருக்கிறதே.

நேரம்: Schedules என்பதற்குள் ஏற்கனவே Sleeping என்று ஒன்று இருக்கும், அல்லது Add schedule என்று வரும். பெரியம்மாவுக்கு இரவு 10.00 தொடக்கம் விடிய 4.00 வரை, ஏழு நாளும் போட்டோம். இங்கே கவனம். பன்னிரண்டு மணிக் கடிகாரத்தில் AM, PM மாறிவிட்டால் பகல் பத்து மணிக்குப் போன் ஊமையாகும், இரவில் கத்தும். முடியும் நேரத்தின் பக்கத்தில் next day என்று எழுதியிருந்தால் நீங்கள் போட்டது சரி. இரவில் தொடங்கி அடுத்த நாள் முடிகிறது என்று போனும் புரிந்துகொண்டிருக்கிறது.

இப்படிச் செய்தால் மெசேஜ் எதுவும் தொலைந்து போகாது. குழுவில் வந்தது எல்லாம் வரிசையாக இருக்கும், விடிய பார்க்கலாம். சத்தமும் அதிர்வும்தான் இல்லை. அறிவிப்பையே மறைக்கும் ஒரு தெரிவும் இருக்கும். Hide என்ற சொல் வரும் அந்தத் தெரிவைத் தொடாமல் விடுங்கள்.

செய்து பார்க்காமல் படுக்க வேண்டாம்

நேரம் போட்டவுடன் சோதிப்பது லேசு. தொடங்கும் நேரத்தை இப்போதைக்கு இரண்டு நிமிடம் தள்ளி மாற்றுங்கள். இரண்டு நிமிடம் கழித்துத் திரையின் மேல் வரியில் அந்த வட்டக்கோடோ நிலாவோ வர வேண்டும். வந்ததும் நட்சத்திரம் போடாத ஒரு போனில் இருந்து எடுங்கள், அடிக்கக்கூடாது. உடனே திரும்ப எடுங்கள், அடிக்க வேண்டும். பிறகு அண்ணாவின் போனில் இருந்து எடுங்கள், முதல் தரமே அடிக்க வேண்டும். முடிந்ததும் நேரத்தைப் பழையபடி பத்துக்கு மாற்ற மறந்துவிடாதீர்கள்.

எங்களுக்கு முதல் சோதனையில் அண்ணாவின் கோல் அடிக்கவில்லை. நட்சத்திரம் சரி, பட்டியல் சரி. அரை நிமிடம் யோசித்துவிட்டுப் பக்கத்துப் பொத்தானைப் பார்த்தேன். பழைய பழக்கத்தில் போன் சைலண்டிலேயே இருந்தது. இதை நன்றாக விளங்கிக்கொள்ளுங்கள்: Do Not Disturb ஒரு கோலை உள்ளே விடும், ஆனால் போன் சைலண்டில் இருந்தால் உள்ளே வந்த கோலும் பேசாது. இனிமேல் இரவில் போன் சத்தத்தில்தான் இருக்க வேண்டும், அமத்தும் வேலையைப் பட்டியல் பார்த்துக்கொள்ளும் என்று பெரியம்மாவுக்குச் சொன்னேன். அவருக்கு அது நம்பக் கஷ்டமாக இருந்தது. இரண்டு இரவு நித்திரை கொண்ட பிறகுதான் நம்பினார்.

இன்னொரு சிக்கல் பகலில் வரும். கட்டத்தை யாராவது தெரியாமல் தட்டிவிட்டால், நேர அட்டவணை எதுவாக இருந்தாலும் அது அப்படியே ஓடிக்கொண்டிருக்கும், நீங்கள் அணைக்கும் வரை. மத்தியானம் ஒரு கோலும் அடிக்கவில்லை என்றால் முதலில் மேல் வரியில் அந்த அடையாளம் இருக்கிறதா என்று பாருங்கள்.

வட்ஸ்அப் கோல் வேறு, சாதாரண கோல் வேறு

நட்சத்திரப் பட்டியல் சிம் வழியாக வரும் கோலுக்கு நம்பிக்கையாக வேலை செய்யும். வட்ஸ்அப் கோலை அப்படி நம்பாதீர்கள், போனுக்குப் போன் வேறுபடும். அதற்காக வட்ஸ்அப்பையே விதிவிலக்குச் செயலியாகச் சேர்த்தால் குழு மெசேஜ்களும் சேர்ந்து உள்ளே வந்துவிடும், செய்ததெல்லாம் வீண். ஆகவே அண்ணாவிடம் சொன்னோம்: கடலில் இருந்து எடுப்பதென்றால் சாதாரண கோல். கடலில் டேட்டா கிடைப்பதை விடச் சாதாரண கோல் கிடைக்கும் சாத்தியமும் கூட.

ரொறன்ரோ மகளின் வட்ஸ்அப் கோல் இரவில் வந்தாக வேண்டும் என்பவர்களுக்கு வேறு வழி இருக்கிறது. Do Not Disturb வேண்டாம், குழுவை மட்டும் அமத்துங்கள். குழுவைத் திறந்து, மேலே மூன்று புள்ளியைத் தட்டி, Mute notifications தெரிந்தால் எட்டு மணித்தியாலம், ஒரு கிழமை, எப்போதும் என்று மூன்று வரும். எட்டு மணித்தியாலம் என்பது ஒரு இரவுக்கு அளவாக இருக்கிறது, ஆனால் ஒவ்வொரு இரவும் திரும்பப் போட வேண்டும். நான் ‘எப்போதும்’ என்பதையே போடச் சொல்வேன். குழுவில் பகலில் என்ன நடந்தது என்று பார்க்க நீங்களே திறந்துதானே பார்க்கிறீர்கள். குழுவில் உங்கள் பெயரை @ போட்டு யாராவது கூப்பிட்டாலோ, நீங்கள் எழுதியதற்கு மறுமொழி போட்டாலோ அமத்திய குழுவும் ஒருக்கால் சத்தம் போடும். பிழை என்று நினைக்க வேண்டாம், அது அப்படித்தான்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இதே வேலை Settings உள்ளே Focus என்ற பெயரில் இருக்கிறது, நிலாப் படத்தோடு. ஆட்களைத் தெரிவது, நேரம் போடுவது எல்லாம் ஒன்றுதான். ஒரு வித்தியாசம்: திரும்ப எடுக்கும் கோல் அங்கே மூன்று நிமிடத்துக்குள் வர வேண்டும்.

மாரி காலத்தில்

ஐப்பசி தொடக்கம் தை வரை நம் பக்கத்தில் இந்த ஏற்பாட்டை ஒருக்கால் திரும்பப் பார்க்க வேண்டும். 2020 டிசம்பர் 2ஆம் திகதி இரவு புரெவிப் புயல் திருகோணமலைக்கு வடக்கே கரையைக் கடந்தது. அப்படியான இரவுகளில் கிராம சேவகரோ, பக்கத்து வீட்டுக்காரரோ, பட்டியலில் இல்லாத யாரோதான் எடுப்பார்கள். வானிலை எச்சரிக்கை வந்த நாட்களில் நேர அட்டவணைக்குப் பக்கத்தில் இருக்கும் பொத்தானை மட்டும் அணைத்துவிடுங்கள். அட்டவணையை அழிக்க வேண்டாம், அழித்தால் திரும்ப எல்லாம் போட வேண்டி வரும். அந்த இரவுகளில் குழுச் சத்தத்தைத் தாங்க முடியாவிட்டால் மேலே சொன்னபடி குழுவை மட்டும் எட்டு மணித்தியாலத்துக்கு அமத்தலாம். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஐயும் போன்புத்தகத்தில் சேமித்து வையுங்கள். நீங்கள் வெளியே எடுக்கும் கோலை Do Not Disturb ஒரு நாளும் தடுக்காது.

பெரியம்மாவின் போனில் அந்தப் பொத்தான் இருக்கும் இடத்தை அவரே மூன்று தரம் போய்த் தொட்டு வரச் சொன்னேன். பிறகு ஒரு சீட்டில் தமிழில் எழுதி, போன் உறைக்குள் வைத்தேன்: மேலிருந்து இரண்டு தரம் இழு, வட்டக்கோட்டை அழுத்திப் பிடி, Schedules, முதல் வரி, பொத்தான்.